டைசல்பைடு பிணைப்பு எங்கே உருவாகிறது?

பரவும் கூற்று: "புரதம் செல்லை விட்டு வெளியேறியதும், வெளியிலுள்ள ஆக்சிஜன் பட்டுத்தான் அதில் டைசல்பைடு பிணைப்பு உருவாகிறது."

தவறு. புரதச் சங்கிலியிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டின் கந்தகங்கள் இணைவதே டைசல்பைடு பிணைப்பு. இன்சுலினின் மூன்று டைசல்பைடு பிணைப்புகளும், அது புரோஇன்சுலின் என்ற முன்வடிவமாக, செல்லுக்குள் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலைக்குள் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அங்கே பிடிஐ என்ற நொதி இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்களை இணைக்கிறது. தவறான ஜோடியைப் பிரித்து மாற்றியும் அமைக்கிறது. இணைப்பின்போது அது ஏற்கும் எலக்ட்ரான்களை ஈரோ1 நொதி வாங்கி ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆக்சிஜனுக்குப் பங்கு உண்டு என்பது வரை சரி; இடம்தான் பிசகிவிட்டது.

அகிடா எலியைப் பாருங்கள். அதன் இன்சுலின் மரபணு ஒன்றில் 96ஆம் இடத்துச் சிஸ்டீன், டைரோசின் என்ற வேறு அமினோ அமிலமாக மாறியிருக்கிறது. இன்சுலினின் ஏ, பி என்ற இரு சங்கிலிகளை இணைக்கும் இரண்டு பிணைப்புகளில் ஒன்று அமையாததால், புரதம் தவறாக மடிந்து வலைக்குள்ளேயே தேங்குகிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் நலிந்து நீரிழிவு வருகிறது. வெளிக்காற்று படும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. இதே மாற்றம் மனிதர்களில் பச்சிளம் பருவ நீரிழிவைத் தருகிறது.

செல்லுக்கு வெளியே, குலைந்த புரதத்தை மீண்டும் மடித்துவிட உள்ளே இருப்பது போன்ற துணைப்புரதப் படை இல்லை. அங்கே கைகொடுப்பது உள்ளேயே அமைந்த டைசல்பைடு பிணைப்புதான்: அது, குலைந்த சங்கிலி எடுக்கக்கூடிய வடிவங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதனால் மடிந்த நிலையே நிலைக்கிறது.