ஒரு மணித்தியாலத்தில் யார் வாய் திறக்கிறார்கள்?

அந்த மாலை நேர ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு வீடியோவை முகநூலில் ஆள் மாறி ஆள் பகிர்கிறீர்கள். "இப்படிக் கண்டிப்பான சேர்தான் வேணும்" என்று எழுதியவர்களில் நான் மதிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது. பலகை நிறையப் பன்னிரண்டு காலங்களின் அட்டவணை. முன்னுக்கு எழுப்பி நிறுத்தப்பட்ட அந்த அண்ணர் "வென் யூ வில் சென்ட்?" என்று சொன்னதற்கு நாலு நிமிடம் ஏச்சு. மற்றவர்கள் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏச்சை விடுங்கள், நேரக் கணக்கைப் பாருங்கள். மாலை 6.30 முதல் 7.30 வரை வகுப்பு, பன்னிரண்டு பேர் என்று வைப்போம். ஆசிரியர் நாற்பது நிமிடம் விளக்கிவிட்டு மிச்ச இருபது நிமிடத்தில் ஒவ்வொருவராகக் கேட்டால், ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும். புறக்கோட்டையில் நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருகிற மனிதருக்கு அவ்வளவுதான். ஸ்போக்கன் வகுப்பென்று பெயர் வைத்தால், படிக்க வந்தவர் எத்தனை நிமிடம் கதைத்தார் என்றுதான் எண்ண வேண்டும்.

எப்படி அமைப்பது? ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் காட்டுகிறேன். வாங்கிய சாமான் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் கடைக்குப் போன் எடுக்கிறார்.

முதல் எட்டு நிமிடத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். கடந்த வகுப்பில் செய்த உரையாடலையே வேறொரு ஜோடியோடு திரும்பச் செய்யட்டும். காரணம், ஆட்கள் 6.40 வரை வந்துகொண்டே இருப்பார்கள். முக்கியமானதை 6.30க்கே சொன்னால் பிந்தி வந்தவருக்கு இரண்டாம் தரம் சொல்ல வேண்டும், அல்லது அவர் அன்று முழுக்கப் புரியாமல் இருப்பார். மீட்டல் என்றால் பிந்தி வருபவர் ஏதாவது ஒரு ஜோடியில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்த ஏழு நிமிடம், விளக்கம் இல்லாமல் நேரே வேலை. ஆளுக்கொரு அட்டை. வாடிக்கையாளர் அட்டையில் ஓடர் நம்பர், என்ன சாமான், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்ற விபரம். கடைக்காரர் அட்டையில் சாமான் துறைமுகத்தில் நிற்கிறது, வியாழன்தான் வெளியே வரும், பாதியை இன்றே அனுப்பலாம் என்ற விபரம். ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக்கூடாது. இருவரும் முதுகுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும். முகம் பார்த்தால் கையால் காட்டிச் சமாளித்துவிடுவார்கள், போனில் அது முடியாது. மூன்று நிமிடத்தில் இடம் மாற்றுங்கள். ஆசிரியர் ஒரு தாளோடு சுற்றி நடந்து, காதில் விழும் பிழையான வசனங்களையும் நல்ல வசனங்களையும் அப்படியே எழுத வேண்டும். குறுக்கிடக்கூடாது. ஆள் ஒற்றை எண்ணாக இருந்தால் ஆசிரியர் ஜோடி சேரக்கூடாது, சேர்ந்தால் மற்றவர்களைக் கேட்க முடியாது. மூவராக இருத்தி, மூன்றாமவர் நம்பரையும் திகதியையும் கேட்டு எழுதட்டும். அவர் எழுதியது அட்டையோடு ஒத்துப்போனால் பேச்சு விளங்கியிருக்கிறது.

பிறகு பத்து நிமிடம் கற்பித்தல். மூன்று வசனம் மட்டும்: "குட் யூ கிவ் மீ யுவர் ஓடர் நம்பர்?", "ஐ'ம் அஃப்ரெய்ட் இட் ஹாஸ்ன்ட் அரைவ்ட் யெட்", "வென் வில் யூ சென்ட் இட்?" முதலில் காதால் கேட்டு, எல்லாரும் சேர்ந்து சொல்லி, கடைசியில்தான் பலகையில் எழுத்து. எழுத்தை முதலில் காட்டினால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்குவார்கள், ஓசை போய்விடும். ஏன் மூன்றென்றால், கேட்டதை அன்றைக்கே பல தரம் வாயால் சொல்லிப் பழக வேண்டும். பத்து வசனம் கொடுத்தால் அவை கொப்பியோடு நின்றுவிடும்.

அடுத்த பதினேழு நிமிடம்தான் பாடத்தின் உயிர். அதே போன் அழைப்பு, ஒவ்வொரு தரமும் புது ஆளோடு. முதல் தரம் மூன்று நிமிடம், அடுத்தது இரண்டு, கடைசி ஒன்றரை. பிறகு வாடிக்கையாளர் கடைக்காரராகி அதே மூன்று சுற்று. இது நான் கண்டுபிடித்ததல்ல. ஒரே விஷயத்தை நாலு, மூன்று, இரண்டு நிமிடமென்று புதுப்புது ஆளிடம் சொல்ல வைப்பது 1980களிலிருந்தே ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குத் தெரிந்த முறை. சொல்ல வேண்டியது ஏற்கெனவே மனதில் இருப்பதால் கவனம் முழுக்க எப்படிச் சொல்வது என்பதில் போகிறது. கடைசிச் சுற்றில் நீண்ட தயக்கங்கள் குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. திகதியையே சொல்லாமல் ஓடி முடிக்கிறார்கள் என்றால் நேரத்தை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள்.

7.12க்குத் திருத்தம், பத்து நிமிடம். தாளிலிருந்து ஐந்து வசனத்தைப் பெயர் இல்லாமல் பலகையில் எழுதுங்கள். அதில் ஒன்று சரியான வசனமாக இருக்கட்டும். ஜோடி ஜோடியாக அவர்களே திருத்துவார்கள். கடைசி எட்டு நிமிடத்தில் நிலைமையை மட்டும் மாற்றுங்கள்: வாடிக்கையாளர் காசைத் திருப்பிக் கேட்கிறார். அந்த அழைப்பைத் தங்கள் போனிலேயே பதிந்துகொண்டு போகட்டும்.

கூட்டிப் பாருங்கள். ஒருவர் வாய் திறந்த நேரம் பதினைந்து நிமிடம் அளவில் வரும். அதே அறை, அதே பன்னிரண்டு பேர், அதே ஒரு மணித்தியாலம்.

"அப்போ இலக்கணம் வேண்டாமா?" என்று கேட்கப் போகிறீர்கள். வேண்டும். 7.12 முதல் 7.22 வரை நடப்பது என்ன? தேவை வந்த பிறகு, தாங்கள் சொன்ன வசனத்திலேயே இலக்கணம் படிக்கிறார்கள். "ஜோடியாக விட்டால் தமிழில் கதைப்பார்கள்" என்பீர்கள். கதைப்பார்கள்தான். பாதி ஜோடிகள் முதல் நிமிடத்திலேயே தமிழுக்குப் போனால் அட்டை கனமாகிவிட்டது என்று அர்த்தம். தொடங்குமுன் ஒரு நிமிடம் தமிழிலேயே திட்டமிட விடுங்கள். இன்னும் திணறுபவருக்கு முதலில் வாடிக்கையாளர் வேடம் கொடுத்து, கேள்விகளை அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். "ஒருவர் பிழை மற்றவருக்குத் தொற்றும்" என்கிறவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. அட்டவணையை எழுதிக்கொண்டு வாய் திறக்காமல் வீட்டுக்குப் போவதைவிட அது எந்த வகையில் மோசம்?

ஒரு எதிர்ப்பை மட்டும் நான் தள்ளமாட்டேன். காசு கட்டியவர்கள் நோட்ஸ் கேட்கிறார்கள், கொப்பி வெறுமையாக இருந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள். உண்மை. அதனால் முடிவில் அரைப்பக்கத் தாள் ஒன்று கொடுங்கள்: மூன்று வசனம், திருத்திய ஐந்து வசனம். வகுப்பு நேரத்தை எழுதுவதில் செலவழிக்காதீர்கள்.

இப்போது அந்த அண்ணருக்கு வருகிறேன். "வென் யூ வில் சென்ட்?" விளங்காத பிழையா? எந்த வாடிக்கையாளருக்கும் விளங்கும். தமிழில் கேள்வி கேட்க நாம் சொற்களை இடம் மாற்றுவதில்லை, ஆகவே ஆங்கிலத்தில் "வில்" முன்னுக்கு வர வேண்டும் என்பது நாக்குக்குப் பழக்கமில்லை. ஏச்சு அந்தப் பழக்கத்தைத் தராது. "வென் வில் யூ சென்ட் இட், வென் வில் யூ பே, வென் வில் யூ கம்" என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்ல வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். அந்த நாலு நிமிடத்தில் வகுப்பில் யாருமே ஆங்கிலம் கதைக்கவில்லை. அவர் முகம் தெளிவாகத் தெரிகிற அந்த வீடியோவை "கண்டிப்பு" என்று எழுதி நீங்கள் பகிர்ந்திருக்கிறீர்கள். அவரிடம் சாமான் வாங்குகிறவர்களும் முகநூலில் இருக்கிறார்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள்.