விரலியையும் கிழங்கையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள்

மஞ்சள் விலை பற்றிய அந்தக் காணொளியை விவசாயக் குழுக்களில் எல்லாம் பகிர்ந்துவிட்டீர்கள். நானும் முழுவதும் பார்த்தேன். வார விலைக்கோடு தொடர்ந்து ஏறினால் விற்காமல் காத்திருங்கள் என்கிறார் அதைத் தயாரித்த தம்பி. ஆனால் அது எந்தச் சரக்கின் கோடு என்று அவர் ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை.

ஈரோட்டுச் சந்தையில் விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு வேறு விலை. ஒரு வாரம் விரலி 500 குவிண்டால், குவிண்டாலுக்கு 13,000 ரூபாய் வீதமும், கிழங்கு 500 குவிண்டால், 11,000 ரூபாய் வீதமும் போனால் சராசரி 12,000. அடுத்த வாரம் அதே விலைகளில் விரலி 750, கிழங்கு 250 குவிண்டால் வந்தால் சராசரி 12,500 ஆகிவிடும். எந்தச் சரக்கும் ஒரு ரூபாய்கூட ஏறாமலேயே கோடு 500 ரூபாய் ஏறியிருக்கும். கிழங்கை வைத்திருப்பவர் இதை நம்பிக் காத்திருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? ஆகவே ரகவாரியான விலையையும் வரத்தையும் சேர்த்துக் காட்டாத கோட்டை வைத்து விற்பனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இலவசமாகச் சொல்லித்தருபவரைக் குறை சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். காணொளி இலவசம்தான், காத்திருப்பு இலவசம் இல்லையே. இன்று 13,000 ரூபாய்க்குப் போகும் ஒரு குவிண்டாலை நான்கு மாதம் வைத்திருப்பதாகக் கொள்வோம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 520 ரூபாய், குடோன் வாடகைக்கும் பூச்சி மருந்துக்கும் 140 ரூபாய் என்று வைத்து, ஈரம் வற்றி இரண்டு கிலோ எடை குறைந்தால், ஏறத்தாழ 13,940 ரூபாய்க்கு விற்றால்தான் இன்றைய பணமே கைக்கு வரும். இந்தக் கணக்கு காணொளியில் எங்கே இருக்கிறது?

2023இல் காத்திருந்தவர்கள் லாபம் பார்த்தார்களே என்றால், பார்த்தார்கள்; மறுக்கவில்லை. ஆனால் 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதையும், 2012இல் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். இன்னும் ஏறும் என்று மூட்டைகளை அடுக்கிவைத்த என் பெரியப்பா, கடைசியில் வட்டி கட்டுவதற்காகவே அவற்றை விற்றார். நல்ல விலையைக் கண்டு ஊரெல்லாம் மஞ்சள் நட்டார்கள். நட்டது அறுவடையாக ஒன்பது மாதம் ஆகும். அந்த ஒன்பது மாதமும் விலைக்கோடு ஏறிக்கொண்டேகூட இருக்கலாம். இறங்கப்போவதை முதலில் காட்டுவது நடவுப் பரப்பு, விலை வரைபடம் அல்ல.

இதைச் சொன்னதற்கு, வரைபடம் பார்க்கத் தெரியாத பழைய ஆட்களின் பயம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மனதை வருத்தியது. ஏல விலையை நோட்டில் ரகம் ரகமாக எழுதிவைத்துப் பார்த்துப் பார்த்து விற்றவர்கள் நாங்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது காத்திருக்க முடியாதவனுக்குக் காத்திரு என்று சொல்வதைவிட, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை ஈடாக வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க வழியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்தத் தம்பியை நானே பாராட்டியிருப்பேன். அடுத்த காணொளியிலாவது விரலிக்கு ஒரு கோடு, கிழங்குக்கு ஒரு கோடு, அவற்றின் கீழே வாராவாரம் வந்த மூட்டைகளின் எண்ணிக்கை என்று போடட்டும்.