602 மில்லிமீட்டர் ரேக் 59.9 சென்டிமீட்டர் ஆன கதை

போன மாதம் நான் இணையத்தில் விற்ற ஒரு மர ரேக் கப்பலேறிப் போய், அப்படியே திரும்பி வந்தது. உடைசல் இல்லை, கீறல் இல்லை. வாங்கியவர் வீட்டில் இரண்டு சுவர்களுக்கு நடுவே 23⅝ இன்ச் இடம். என் லிஸ்டிங்கில் அகலம் 23.6 இன்ச். டேப் பிடித்துப் பார்த்து, இடிக்காது என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். வந்த ரேக்கின் மேல் டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். விளிம்பு 23 11/16 கோட்டைத் தாண்டி நின்றது.

முதலில் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. அப்புறம் பட்டறையில் அதே அச்சில் செய்த இன்னொரு ரேக்கை அளந்தேன். 602 மில்லிமீட்டர். நான் எழுதியிருந்தது 60 சென்டிமீட்டர். பேச்சுவழக்கில் அது ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்த 60-ஐ எடுத்துத்தான் இன்ச்சுக்கு மாற்றினேன், 23.62 வந்தது, 23.6 என்று போட்டேன். உண்மையில் 602-ஐ 25.4-ஆல் வகுத்தால் 23.70. காணாமல் போன அந்த 2 மில்லிமீட்டர், தச்சர் கணக்கில் அரை நூலுக்குக் கொஞ்சம் மேல். சுவருக்கு அது போதும்.

கூத்து இதோடு முடியவில்லை. தளத்தின் அளவுப் பெட்டியில் 23.6 இன்ச் என்று கொடுத்திருந்தேன். சென்டிமீட்டரில் பார்க்கிற நாட்டுக்காரர்களுக்குத் தளமே அதைத் திருப்பி மாற்றி 59.9 என்று காட்டியிருக்கிறது. தலைப்பில் 60, பெட்டியில் 59.9, போட்டோ மேல் நானே எழுதிவைத்த 24", பொருளோ 60.2. ஒரே ரேக்குக்கு நாலு அகலம்!

"கன்வர்ஷனில் தப்பு" என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஓர் இன்ச் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர், 1959-லிருந்து அதில் சந்தேகமே கிடையாது. தப்பெல்லாம் முழுமையாக்குவதில்தான். மாற்றுவதற்கு முன்னாலேயே முழுமையாக்குவது, மாற்றிய எண்ணை எடுத்து மறுபடி மாற்றுவது, இந்த இரண்டும்தான் என்னைக் கவிழ்த்தன.

இப்போது என் எக்செல்லில் ஒரு பொருளுக்குக் கையால் அடிக்கிற எண் மில்லிமீட்டரில் மட்டும்தான். வார்னிஷ் காய்ந்தபின் அளந்தது, அதுவும் அந்தத் தொகுப்பிலேயே பெரியதாக இருக்கிற துண்டின் அளவு. மற்ற எல்லா எண்ணும் அதிலிருந்தே பிறக்கும். சென்டிமீட்டரைக்கூட 60.2 என்றே போடுகிறேன். பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். இல்லாவிட்டால் போகிறது.

அடுத்தது, எந்தப் பக்கம் முழுமையாக்குவது? பள்ளிக்கூடத்தில் படித்த ‘அரைக்கு மேல் போனால் ஏற்று’ இங்கே உதவாது. வெளியளவை வாங்குபவர் எதற்குப் பார்க்கிறார்? ஓர் இடத்துக்குள் நுழையுமா என்று பார்க்கத்தான். அதனால் அதை எப்போதும் மேல்பக்கம் தள்ள வேண்டும். உள்ளளவைப் பார்ப்பது, தன்னிடம் இருக்கிற பெட்டி ரேக்குக்குள் அடங்குமா என்று. அது எப்போதும் கீழ்ப்பக்கம். என் ரேக்கில் இருபுறமும் 12 மில்லிமீட்டர் பலகை, உள்ளே 578. A2-வில் வெளியளவு, B2-வில் உள்ளளவு:

```
=CEILING(A2/25.4, 0.0625)
=FLOOR(B2/25.4, 0.0625)
```

0.0625 என்பது பதினாறில் ஒரு பாகம், அதாவது அரை நூல். இன்ச் டேப்பில் கண்ணுக்குச் சுலபமாகத் தெரிகிற கோடு அதுதான். அதனால் 23.7 என்று தசமத்தில் எழுதுவதையும் விட்டுவிட்டேன். அந்த டேப்பில் 0.7 என்று கோடே கிடையாது. மேலே சொன்ன கணக்குப்படி வெளியளவு 23¾, உள்ளளவு 22¾. அன்றைக்கே 23¾ என்று போட்டிருந்தால் 23⅝ இடம் வைத்திருந்தவர் வாங்கியே இருக்க மாட்டார். அந்த விற்பனை போயிருக்கும், போகட்டும்.

நீளத்துக்காவது எல்லா நாட்டு இன்ச்சும் ஒன்றுதான். பாட்டில், குடுவை விற்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். 16 திரவ அவுன்ஸ் என்பது அமெரிக்கக் கணக்கில் 473 மில்லிலிட்டர், பிரிட்டன் கணக்கில் சுமார் 455. ஆகவே வெறும் ‘அவுன்ஸ்’ என்று எழுதினால் அது அளவே இல்லை. மில்லிலிட்டரை முன்னால் போட்டு, அவுன்ஸ் எந்த நாட்டுடையது என்று கூடவே எழுதுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய லிஸ்டிங்குகளில் எழுத்தில் இருந்ததையெல்லாம் இரண்டு ராத்திரியில் மாற்றிவிட்டேன். போட்டோ மேல் எழுதிய 24"-ஐ எந்தத் தேடலும் கண்டுபிடித்துத் தராது. ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் முப்பது சொச்சம் பாக்கி.