ஏழு மணிக்கு விட்டாச்சு, அப்புறம் என்ன?

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் தளப் பொறுப்பில் இருக்கிறேன். தீபாவளி வந்தால் புடவை எடுத்துப் போடுவதைவிட ட்யூட்டி சார்ட் போடுவதுதான் எனக்குப் பெரிய வேலை. அதில் ஒரே ஒரு பெயருக்காகப் போன சீசனில் மூன்று தடவை சார்ட்டை மாற்றினேன்.

பையனுக்குப் பதினேழே முக்கால் வயது. திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்துவிட்டு, கல்லூரியில் சேரப் பணம் போதாமல் வீட்டில் இருக்கிறான். மார்க் ஷீட்டில் பிறந்த தேதி டிசம்பர் 22. "ரெண்டு மாசத்துல பதினெட்டு ஆயிடும், மத்தவங்க மாதிரியே போட்டுடு" என்றார் முதலாளி. சட்டம் சார்ட்டில் இருக்கும் தேதியைத்தான் பார்க்கும், அடுத்த மாதத்தைப் பார்க்காது என்று சொன்னேன். முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்.

பதினான்கு முடிந்து பதினெட்டு முடியாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் அது, 2016-இல் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் இவர்களைச் சேர்க்கவே கூடாது. ஜவுளிக்கடை மாதிரி மற்ற இடங்களில் சேர்க்கலாம், ஆனால் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கிடையாது. ஓவர்டைம் கிடையாது. ஒரேயடியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குப் பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு. இதெல்லாம் பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். யாரும் கவனிக்காதது இன்னொன்று: ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை ஒரு நாளின் மொத்த விரிவு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இந்த ஆறு மணி நேரம்தான் எங்கள் ஊர்க் கடைகளின் சார்ட்டைக் கவிழ்க்கிறது. காரணம், நாங்கள் 'கேப்' என்று சொல்கிற பழக்கம். மதியம் கடையில் கூட்டம் இருக்காது. அதனால் காலை 10 முதல் 1 வரை ஒரு வேளை, நடுவில் விட்டுவிட்டு மாலை 5 முதல் 9 வரை இன்னொரு வேளை. முதல் சார்ட்டில் அவனுக்கும் அப்படித்தான் விழுந்தது. ஏழு மணிக்கு மேல் கூடாதே என்று மாலை வேளையை 5 முதல் 7 என்று வெட்டினேன். மொத்தம் ஐந்து மணி நேரம்தான். எல்லாருக்கும் திருப்தி. எனக்கும்தான், ஒரு நாள்.

மறுநாள் மதியம் மூன்று மணிக்குக் குடோனுக்குப் போனால் பண்டல் மேல் படுத்திருக்கிறான். ஊருக்குப் போய் வர பஸ்ஸில் மட்டும் ரெண்டு மணி நேரம், அப்புறம் எங்கே போவான்? அப்போதுதான் பார்சல் வண்டி வந்தது. "சும்மாதானே இருக்கே, வா தம்பி" என்று யாரோ கூப்பிட, இறங்கிப் போய்ப் பண்டல் தூக்கினான். பத்து மணிக்கு வந்தவன் ஏழு மணிக்குப் போனால் விரிவு ஒன்பது மணி நேரம். நடுவில் நான்கு மணி நேரம் அவனுக்கு ஓய்வு என்று சார்ட்டில் நானே எழுதியிருந்தேன்.

அதனால் கேப்பை எடுத்தேன். 1 முதல் 4 வரை வேலை, 4 முதல் 5 வரை ஓய்வு, 5 முதல் 7 வரை வேலை. ஆறு மணி நேரத்தில் கச்சிதமாக அடங்குகிறது. கூட்ட நேரமும் பாதி கிடைக்கிறது. சம்பளத்தைப் பாதியாக்கலாம் என்றார் முதலாளி. மற்றவர்களுக்கு மணிக்கு என்ன விழுகிறதோ அதையே ஐந்து மணி நேரத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்.

அதிலும் ஓட்டை விழுந்தது. ஆறே முக்காலுக்கு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் நாற்பது புடவை விரியும். அவர்கள் எழுந்து போன பிறகு மடிக்க வேண்டும், அட்டை வைக்க வேண்டும், ரேக்கில் ஏற்ற வேண்டும். ஏழு மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டு வரை மடித்துக்கொண்டிருந்தான். ரிஜிஸ்டரைப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் எங்கள் பில்லில் நேரமும் சேல்ஸ்மேன் கோட் நம்பரும் அச்சாகும். ஒரு நாள் கணக்குப் பார்க்கும்போது இரவு 7.38 பில்லில் அவன் நம்பர். ஒரு ஆய்வாளர் வந்து அந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், நான் எழுதிய சார்ட் பொய் என்று தெரிந்துவிடும். அன்றிலிருந்து ஆறேகாலுக்கு மேல் அவனுக்குப் புது வாடிக்கையாளர் கிடையாது. மடிப்பது மட்டும்தான், மிச்சத்தைப் பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வார்.

பஸ் வேறு. ஒரு மணி ட்யூட்டிக்கு அவன் பஸ் பன்னிரண்டுக்கே கொண்டுவந்து விட்டுவிடும். வந்ததும் கவுன்டரில் நிறுத்தி வேலை வருமா என்று காக்க வைத்தால் அதுவும் கணக்கில் சேரும்; அப்புறம் ஆறு மணிக்கே அனுப்பியாக வேண்டும். அதனால் ஒரு மணி வரை தளத்துக்கு வராதே என்று சொல்லிவிட்டேன்.

அவன் அப்பா ஒரு நாள் போன் பண்ணினார். நல்ல மனுஷர், விவசாயக் கூலி. "சார், விடியக்காலையில நாத்துப் பறிக்கப் போனா ஒம்போது மணிக்கு முடிஞ்சுடும். அப்புறம் மதியம் கடைக்கு வரட்டுமே?" சம்பா நடவு நேரம், ஆள் கிடைக்காத நேரம், அந்தக் கூலியும் அவர்களுக்குக் காசுதான். ஆனால் இந்தச் சட்டத்தில் பண்ணையும் ஒரு நிறுவனம்தான். எட்டு மணிக்கு முன் கூலி வேலை கூடாது, ஒரு இடத்தில் வேலை செய்த நாளில் இன்னொரு இடத்தில் வேலைக்கு வைக்கவும் கூடாது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. குளிரில் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துவிட்டு வருகிறவன் மாலையில் நின்றுகொண்டே தூங்குவான் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வயதில் நானே அப்படித் தூங்கியவன்.

வார விடுமுறையிலும் ஒரு சங்கதி. எங்கள் பழக்கம், இந்த வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன், தீபாவளி வாரம் கிடையவே கிடையாது. பதினெட்டு முடியாதவர்களுக்கு அப்படி முடியாது. முழு ஒரு நாள், எந்த நாள் என்று கடையில் எழுதி ஒட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றவும் கூடாது. அவனுக்குச் செவ்வாய் என்று ஒட்டினேன். தீபாவளிக்கு முந்தின செவ்வாயன்று கூட்டம் நெரிந்தது. அவனைக் கூப்பிடவில்லை.

என் அனுபவத்தில் எல்லாருடைய சார்ட்டையும் போட்டுவிட்டுக் கடைசியில் சின்னப் பையனைச் செருகப் பார்த்தால் கேப்தான் மிஞ்சும். அவன் ஆறு மணி நேரத்தை முதலில் போட்டுவிட்டு மற்றவர்களைச் சுற்றி அடுக்கினால் அரை மணியில் வேலை முடிகிறது. எக்செல்லில் பிறந்த தேதிக்கு ஒரு பத்தி வைத்திருக்கிறேன். அடுத்த பத்தியைத் தேதி வடிவத்தில் வைத்து `=EDATE(C2,216)` என்று போட்டால் பதினெட்டு முடிகிற தேதி பக்கத்திலேயே வந்து நிற்கும். அவனுடைய தேதிக்கு மஞ்சள் அடித்தேன்.

சீசன் முடிந்து சம்பளம் வாங்கும்போது அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டான். "அப்ப பொங்கலுக்கு நைட் நிக்கலாமா சார்?" என்றான். நிற்கலாம் என்றேன். "கடைசி பஸ் ஒம்பதேகாலுக்கு" என்று அவனே சொல்லிவிட்டு யோசிக்க ஆரம்பித்தான்.