முதல் எழுத்து பிறையா, குச்சியா?

ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில், சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக் கொடுக்கிறேன். 14 பேரோடு ஆரம்பித்தது. போட்டோ போடு, எழுது என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு அக்கா. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் நான் தயார் செய்து கொண்டுபோன பாடம் எதுவுமே நடக்கவில்லை. அவர்கள் விரல் வைத்தால் திரை கேட்கவில்லை. களை பறித்து, சாணி தட்டி, பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன விரல்நுனி அது. நம் தோலில் உள்ள ஈரத்தின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கடந்தால்தான் இந்தத் திரைகளுக்குத் தொடுவது தெரியும். தடித்துக் காய்ந்த தோல் அதற்குத் தொட்ட மாதிரியே இல்லை. கேட்காததால் அவர்கள் இன்னும் அழுத்துவார்கள், அழுத்தியபடியே வைத்திருப்பார்கள். உடனே அது 'அழுத்திப் பிடித்தல்' ஆகிவிடும்; அழிக்கவா, நகர்த்தவா என்று ஏதோ கேட்கும். "ஐயோ, எதையோ கெடுத்துட்டேன்" என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் அன்று முழுக்க தொடமாட்டார்கள்.

ஈரத் துணி ஒன்று வைத்தோம். நுனிக்குப் பதில் விரலின் பக்கவாட்டைப் பயன்படுத்தச் சொன்னேன். அழுத்தாமல் தொடுவதை என்னால் விளக்கவே முடியவில்லை. ஒரு பாட்டிதான் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்: "கோலத்துக்குப் புள்ளி வைக்கிறல்ல? வச்சதும் கையை எடுத்துடு." அவ்வளவுதான், அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாரும் வாட்ஸ்அப் திறந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. நான் யூடியூப், மேப், பேசித் தேடுவது என்று போய்க்கொண்டிருந்தேன். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வங்கியிலிருந்து வரும் மெசேஜ். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பித்ததிலிருந்து மாதம் 1,000 ரூபாய் அவரவர் கணக்குக்கே வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் கணக்குக்குத்தான். வந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள மகனையோ பேரனையோ கேட்க வேண்டும். மெசேஜ் இங்கிலீஷில்.

இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க நேரமில்லை. இரண்டே சொற்களை எடுத்துக்கொண்டேன், `credited`, `debited`. படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல்தான், வால் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் முதல் எழுத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். பிறை மாதிரி வளைந்திருந்தால் பணம் வந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் குச்சி நட்டிருந்தால் போனது. பிறை, குச்சி. மூன்றாவது வாரம், எழுதவே தெரியாத ஒரு அம்மா என் போனை வாங்கிப் பார்த்து, "உனக்கு ஒரே குச்சியா இருக்கேம்மா" என்றார்.

இது முழுத் தீர்வு இல்லை. சில வங்கிகள் வேறு சொல் போடுகின்றன. தவிர, ஏமாற்றுக்காரனும் அதே பிறையைப் போட்டு அனுப்புவான், "தவறி வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க" என்பான். பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்தால் அது வங்கி இல்லை என்றும், மெசேஜை மட்டும் நம்பாமல் கணக்கில் இருப்பைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

அங்கே நானே ஒரு குழப்பம் செய்தேன். "பின் நம்பர் போட்டால் உங்கள் பணம் போகப்போகிறது, பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை" என்று மந்திரம் மாதிரி சொல்லி வைத்திருந்தேன். யூபிஐயில் இருப்பைப் பார்க்கவும் பின் நம்பர் கேட்கும் என்பதை யோசிக்கவில்லை. ஒருவர் பயந்து போனையே அணைத்துவிட்டார். அப்புறம் பீரோ சாவி என்று மாற்றினேன். பீரோவைத் திறந்து எண்ணிப் பார்க்கவும் சாவி வேண்டும், எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். அடுத்தவர் நமக்குப் பணம் தர நம் சாவி எதற்கு?

இப்போது அந்த அக்கா. ஐம்பது வயதுக்கு மேல். எல்லாரையும்விட வேகமாகக் கற்றவர். ஒருநாள், "எனக்கு மட்டும் பிறையும் வரல, குச்சியும் வரலயே" என்றார். கேட்டால், வங்கியில் கொடுத்திருந்த நம்பர் மகனுடையது. மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலையில் இருக்கிறான். மெசேஜெல்லாம் அங்கே போகிறது. ஏடிஎம் கார்டும் அவனிடம்தான். வங்கியில் பதிவான நம்பர் உள்ள சிம், கார்டின் கடைசி ஆறு எண், காலாவதித் தேதி. இவை இருந்தால் அந்தக் கணக்குக்கு யூபிஐ போட்டுக்கொள்ளலாம். கணக்குக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை.

எனக்கு ஒரே வேகம். பாஸ்புக், ஆதார் எடுத்துக்கொண்டு அவரை வங்கிக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுநாள் படிவம் வாங்கிக்கொண்டார்கள். சில நாளில் அவர் நம்பர் பதிவானது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தோம். மாதாமாதம் பணம் வந்த ஓரிரு நாளில் மொத்தமும் போயிருந்தது. எண்ணி எண்ணிக் காட்டினேன். நீதி கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

இரண்டு நாளில் மகன் எனக்கு போன் செய்தான். கணக்கு அவன் போனில் வேலை செய்யவில்லை, வண்டித் தவணைக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தான். "எங்க வீட்டு விஷயத்துல நீங்க யாருங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. அடுத்த மூன்று ஞாயிறு அக்கா வகுப்புக்கு வரவில்லை.

நான்தான் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவன் எடுக்கிறது எனக்குத் தெரியும்மா. எவ்ளோன்னுதான் தெரியாது. நீ வந்து எல்லாத்தையும் எண்ணிக் காட்டிட்ட." கோபமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிரதமர் பெயரில் நடந்த கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் 20 மணி நேரப் பாடம். வீட்டுக்கு ஒருவர், வயது 14 முதல் 60 வரை. ஆறு கோடிப் பேருக்கு மேல் பயிற்சி பெற்றதாகக் கணக்கு. நானும் 14 பேருக்குப் பயிற்சி என்று எழுதிக்கொள்ளலாம். இன்று தனியாக போனில் பணம் பார்த்து அனுப்புகிறவர்கள் மூன்று பேர். நான்கு பேரின் போனைப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் பேசவும், படம் பார்க்கவும், வரும் மெசேஜில் பிறை தேடவும் வைத்திருக்கிறார்கள். விரல் சொன்னபடி கேட்கப் பழக்குவது சுலபம். போன் யாருடையது, நம்பர் யாருடையது, கார்டு யார் பையில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்டாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வீட்டுப் பெண்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

நான்காவது ஞாயிறு அக்கா வந்தார். "பணம் அனுப்பச் சொல்லிக்குடு" என்றார். யாருக்கு என்றேன். "அவனுக்குத்தான். தவணைக்கு ஐநூறு. மீதி எனக்கு."

நம்பர் போட்டு, தொகை போட்டு, பின் நம்பர் கேட்கும் இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். உடம்போடு திரும்பி, முந்தானையால் போனை மறைத்துக்கொண்டார். புள்ளி வைக்கிற மாதிரி நாலு தொடல்.