மெத்தில் புரோமைடு ஹைட்ராக்சைடுடன் வினைபுரியும்போது எது முதலில் நடக்கிறது?

“மெத்தில் புரோமைடில் முதலில் புரோமைடு விலகும், அதன் பிறகே ஹைட்ராக்சைடு வந்து சேரும்.”

மேலே உள்ள கருத்து சொல்வதுபோல் இவ்வினை இரண்டு படிகளாக நடப்பதில்லை என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். ஹைட்ராக்சைடின் ஆக்சிஜனிலுள்ள தனித்த எலக்ட்ரான் இணை, புரோமினுக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து கார்பனை நோக்கி நகர்ந்து புதிய பிணைப்பை உருவாக்கத் தொடங்கும்போதே, கார்பன்–புரோமின் பிணைப்பின் எலக்ட்ரான் இணை புரோமின் பக்கம் சாய்ந்து, இறுதியில் அதனுடனேயே சென்றுவிடுகிறது. இடையில் மூன்று ஹைட்ரஜன்களும் காற்றில் மடங்கிய குடைபோல் மறுபுறம் திரும்புகின்றன. மூவிணைய பியூட்டைல் புரோமைடில் புரோமைடு முதலில் விலகுவது உண்மைதான், ஆனால் அது வேறு வழிமுறை. சரிபார்க்க விரும்புவோர், வெப்பநிலையை மாற்றாமல் ஹைட்ராக்சைடின் செறிவை மட்டும் இரட்டிப்பாக்கிய சோதனையின் தொடக்க வேகத்தைப் பார்க்கலாம்: மெத்தில் புரோமைடில் வேகமும் இரட்டிப்பாகிறது. புரோமைடு தனியே விலகுவதுதான் மெதுவான முதற்படி என்றால், வேகம் மாறாமல் இருந்திருக்கும்.