ஆபீஸுக்கு மதியச் சாப்பாடு: முதல் மெசேஜில் எதை எழுதணும், எதை விடணும்

குன்னூரில் ஒரு தேயிலை வியாபார ஆபீஸில் நிர்வாக வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாடு தருகிறோம், மாதக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தால் எங்கள் ஆபீஸில் அதை முதலில் படிக்கிற ஆள் நான்தான். நன்றாகச் சமைக்கிறவர்கள் அனுப்பும் மெசேஜ்கள்கூடப் பதில் கிடைக்காமல் போவதைப் பார்த்து மனசு வலிக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. சமீபத்தில் என் அண்ணி குன்னூரிலேயே பெட்ஃபோர்டு பகுதியில் வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைத் தொடங்கினார். அவருக்கான மெசேஜை நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். அதையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

அண்ணி முதலில் எழுதி வைத்திருந்தது இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம். இறைவன் அருளால் எங்கள் இல்லத்தில் புதிதாக…" மரியாதையான தொடக்கம்தான். ஆனால் பூட்டியிருக்கிற போனில் மெசேஜின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். அந்த இடத்தில் சாப்பாடு என்ற சொல்லும் வந்து சேரும் நேரமும் இல்லையென்றால், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்கள், பிறகு திறக்கவே மாட்டார்கள். படம் போட்ட மெனு கார்டும் முதல் நாளில் வேண்டாம். மலையில் சிக்னல் இருக்கிற லட்சணத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். எழுத்து உடனே வந்துவிடும்.

பெரிய சிக்கல் விலையில் இருக்கிறது. எல்லாரும் "மாதம் இவ்வளவு" என்று எழுதுகிறார்கள். ஆபீஸுக்கு ஆபீஸ் மாதம் வேறு. பேங்கில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை லீவு. அரசு ஆபீஸில் எல்லாச் சனியும் லீவு. எங்களைப் போன்ற தனியார் இடங்களில் சனிக்கிழமையும் வேலை. இதற்கு மேல் பண்டிகை, சொந்த ஊர் பயணம். பேங்கில் வேலை பார்ப்பவர்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், தனி ரூமில் இருப்பவர்கள். நமக்கு நிலையான வாடிக்கையாளர்கள் அவர்கள்தான், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். "மாதம் 2,200" என்று படித்ததும் அவர்கள் மனசில் வருவது, நான் இல்லாத நாளுக்கும் காசு போகுமே என்ற கணக்கு. அதைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பதிலே போடமாட்டார்கள்.

அதனால் மாதத்தை விட்டுவிட்டுச் சாப்பாட்டை எண்ணச் சொன்னேன். 20 சாப்பாடு 1,800 ரூபாய், அதாவது ஒன்று 90. முன்பணம் கட்டினால் 20 முடியும்வரை ஓடும். அரசு ஆபீஸில் ஏறக்குறைய ஒரு மாதம் வரும், சனிக்கிழமையும் வேலை இருக்கும் இடத்தில் சீக்கிரம் தீரும். முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் அந்த நாள் கணக்கில் சேராது. 8 மணி என்பது சும்மா போட்ட நேரமில்லை. மறுநாளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு காய் என்று அண்ணி முடிவு செய்வது அந்த நேரத்தில்தான். அன்றைக்குக் காலையில்தான் லீவு சொன்னால் அந்தச் சாப்பாடும் கணக்கில் சேரும். இந்த ஒரு விதி முதல் மெசேஜிலேயே இருந்தால் பின்னாடி வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி வராது.

அடுத்தது பாத்திரம். நீலகிரியில் பிளாஸ்டிக் கவரில் சாம்பார் கட்டிக் கொடுக்க முடியாது, தடை இருக்கிறது. எவர்சில்வர் கேரியர்தான் வழி. கேரியர் அன்றைக்கே திரும்பி வராவிட்டால் மறுநாள் சாப்பாடு எதில் போகும்? ஆளுக்கு இரண்டு கேரியர் வாங்க முதலும் இல்லை. அதனால் 3 மணிக்கு வந்து எடுத்துக்கொள்வோம் என்பதை முதல் மெசேஜிலேயே எழுதிவிட்டோம். பாத்திரக் கடையில் மூடிக்கு மூடி எண் வெட்டி வாங்கிக்கொண்டால் யாருடையது என்ற குழப்பமும் இல்லை.

"சூடாக" என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டோம். இந்தக் குளிரில் சாதம் சீக்கிரம் ஆறிவிடும். கேரியரைக் கொதிநீரில் அலசி, கொதிக்கக் கொதிக்க நிரப்பி, துணிப்பையில் சுற்றி, கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோகிற தூரத்துக்கு மட்டும்தான் அந்தச் சொல் பொருந்தும். அதனால் முதலில் பெட்ஃபோர்டைச் சுற்றி மூன்றே ஆபீஸ். ஒரே நாளில் பத்து இடத்துக்கு அனுப்பி, பத்தும் சரி என்றால் அந்த அடுப்பு தாங்காது. காலை டிபன் தருவோம் என்று எழுதவும் நான் விடவில்லை. டிசம்பரில் ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்காமல் அப்படியே கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு கல் மாதிரி இட்லி கொடுக்கக் கூடாது.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

"வணக்கம். உங்கள் ஆபீஸுக்குத் தினமும் 12.45-க்குள் சூடான மதியச் சாப்பாடு, பெட்ஃபோர்டில் வீட்டில் சமைத்தது. சாதம், சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, மோர். சைவம் மட்டும். 20 சாப்பாடு ரூ.1,800. லீவு என்றால் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சொன்னால் அது கணக்கில் வராது. எவர்சில்வர் கேரியரில் வரும், 3 மணிக்கு நாங்களே எடுத்துக்கொள்வோம். குறைந்தது 4 பேர். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கீழே. வரும் செவ்வாய் ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுப் பார்க்க ரூ.90. எத்தனை பேருக்கு அனுப்பட்டும்?"

கீழே அவர் பெயரும் 14 இலக்கப் பதிவு எண்ணும். வீட்டில் சமைத்து விற்றாலும் இந்தப் பதிவு வேண்டும். foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம், சிறு அளவில் செய்பவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். பத்துப் பேர் சாப்பிடும் சாப்பாட்டை ஆபீஸுக்குள் விடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த எண் இருந்தால் எனக்கு நிம்மதி.

ஒரு நாள் சாப்பாட்டை இலவசமாகக் கொடுக்கலாமே என்றார் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இலவசம் என்றால் எல்லாரும் கை தூக்குவார்கள், அதில் யார் உண்மையிலேயே மாதாமாதம் வாங்குவார்கள் என்று தெரியாது. 90 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டவர் மறுநாள் கேட்டால் அது நம்பக்கூடிய பதில்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். மேனேஜருக்கு அனுப்பினால் அங்கேயே நின்றுவிடும். மதியம் எல்லாரிடமும் காசு வசூலித்து ஹோட்டலுக்கு ஆள் அனுப்புகிறவர் ஒருவர் எல்லா ஆபீஸிலும் இருப்பார், பெரும்பாலும் அட்டெண்டர் அண்ணன் அல்லது பில் போடும் அக்கா. நேரில் போய் நம்பர் கேட்டு, அவர் சரி என்ற பிறகு அனுப்புங்கள். ஆபீஸ் குரூப்பில் போடாதீர்கள். நேரம் காலை பத்தரை, பதினொன்று. தேயிலை புரோக்கர் ஆபீஸ் என்றால் ஏலம் நடக்கும் வியாழன், வெள்ளி வேண்டாம், அன்றைக்கு யாரும் போனைப் பார்க்கமாட்டார்கள்.

பதில் வராவிட்டால் சம்பளத் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். தினமும் காலை வணக்கம் படம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். அண்ணிக்கு முதலில் வந்த பதில் "முட்டை கிடைக்குமா?" என்பது. அவர் அதை மறுப்பு என்று நினைத்து வாடிப்போனார். வாங்க நினைப்பவர்தான் இப்படிக் கேட்பார் என்று சொல்லி, "சமையல் சைவம்தான் அக்கா, செவ்வாய் எத்தனை பேருக்கு வைக்கட்டும்?" என்று பதில் போடச் சொன்னேன். ஐந்து என்று வந்தது.